வட்டிக் கணக்குக்கு ஆறு அட்டைகள்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் கையளவு அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கும். ஒரு பக்கம் "கூட்டு வட்டி" என்று தலைப்பு, மறுபக்கம் சூத்திரம். தேர்வு முடிந்த மறுவாரமே பாதி மறந்துவிடும். அதே பிள்ளை வேலைக்குப் போய் பைக் வாங்கும்போது, ஷோரூமில் "வட்டி பத்து பர்சென்ட்தான்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும். சூத்திரம் தெரிந்திருந்தும் வேண்டிய இடத்தில் அது நினைவுக்கு வருவதில்லை, ஏனென்றால் அட்டையின் முன்பக்கத்தில் இருந்தது வெறும் தலைப்பு. நம்மிடம் யாரும் "கூட்டு வட்டி என்றால் என்ன?" என்று கேட்பதில்லை. "ஒரு லட்சம் போட்டால் எப்போது ரெண்டு லட்சம் ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் முன்பக்கத்தில் இருக்க வேண்டும்.

பின்பக்கத்தில் மூன்று விஷயம் போதும்: சூத்திரம், நினைவுக்கு ஒரு பிடி, ஒரே வரியில் ஒரு கணக்கு. பிடி என்றதும் எதுகை மோனையோடு ஒரு வாய்ப்பாடு கட்டலாம் என்று தோன்றும். பணக் கணக்குக்கு அது அவ்வளவாக உதவாது என்பது என் எண்ணம். நல்ல பிடி என்பது விடை தப்பாக வந்தால் உடனே காட்டிக்கொடுப்பது. கால்குலேட்டர் எந்த எண்ணையும் தயங்காமல் காட்டும், அது நடக்கக்கூடிய எண்தானா என்று பார்ப்பது நம் பாடு. வீட்டுக் கணக்குக்குத் தேவையான ஆறு அட்டைகளை இப்படி எழுதிப் பார்ப்போம்.

முதல் அட்டை

முன்பக்கம்: வட்டியை எடுக்காமல் விட்டால் கடைசியில் எவ்வளவு வரும்?
பின்பக்கம்: A = P × (1 + r)^n
ஒரு வரி: 1,00,000 ரூபாய், 8 சதவீதம், 9 ஆண்டு, கைக்கு வருவது 1,99,900.

P என்பது போட்ட அசல், n என்பது எத்தனை முறை வட்டி சேர்கிறது, r என்பது ஒவ்வொரு முறையும் சேரும் வட்டி. 8 சதவீதம் என்றால் 0.08 என்று போட வேண்டும். இதற்கான பிடி, தனி வட்டி. வட்டிக்கு வட்டி இல்லாமலே ஆண்டுக்கு 8,000 வீதம் 9 ஆண்டில் 72,000 கிடைத்திருக்கும். ஆகவே விடை 1,72,000-க்கு மேல்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே வந்தால் எங்கோ தட்டெழுத்துப் பிழை. மாதாமாதம் வட்டி சேரும் கணக்கானால் r-ஐ 12-ஆல் வகுக்கவும், n-ஐ 12-ஆல் பெருக்கவும் மறக்கக் கூடாது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதுதான் இந்த அட்டையில் வழக்கமாக நடக்கும் தவறு.

இரண்டாவது அட்டை

முன்பக்கம்: பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு?
பின்பக்கம்: 72 ÷ வட்டி சதவீதம்
ஒரு வரி: 8 சதவீதம் என்றால் 72 ÷ 8 = 9 ஆண்டு.

முதல் அட்டையில் ஒரு லட்சம் 9 ஆண்டில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ஆனதே, அந்தக் கணக்கின் குறுக்கு வழி இது. 1494-ல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இந்த 72 வருகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் 69.3 என்பதே சரியான எண். ஆனால் 72 என்பது 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். போதாததற்கு, ஆண்டுக்கொரு முறை வட்டி சேரும் கணக்கில் 8 சதவீதத்தை ஒட்டி 72 தான் சரியாகவும் பொருந்துகிறது. வட்டி எகிறினால் துல்லியம் குறையும்: 36 சதவீதத்துக்கு இந்த விதி 2 ஆண்டு என்று சொல்லும், நிஜத்தில் இரண்டேகால் ஆண்டு ஆகும்.

இதே அட்டையைத் திருப்பியும் பயன்படுத்தலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் விலைகள் இரட்டிப்பாகும், கையிலிருக்கும் ரூபாயின் மதிப்பு பாதியாகும். "அஞ்சு வருஷத்துல டபுள்" என்று யாராவது திட்டம் விற்க வந்தால் 72-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 14 சதவீதத்துக்கு மேல் தருவதாகச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். அடுத்து கேட்க வேண்டிய கேள்வி அவருக்கே தெரியும்.

மூன்றாவது அட்டை

முன்பக்கம்: கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு?
பின்பக்கம்: EMI = P × r × (1 + r)^n ÷ ((1 + r)^n − 1)
ஒரு வரி: 10 லட்சம், 9 சதவீதம், 20 ஆண்டு, மாதம் 8,997 ரூபாய்.

பார்க்கப் பயமாக இருக்கும் சூத்திரம். ஆனால் மேலும் கீழும் இருப்பது ஒரே அடுக்கு, கீழே மட்டும் ஒன்று குறைகிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது P × r, அதாவது முதல் மாத வட்டி. இங்கே r என்பது மாத வட்டி, 9-ஐ 12-ஆல் வகுத்த 0.75 சதவீதம், அதாவது 0.0075. n என்பது மாதங்கள், 240. கணினியில் விரிதாள் இருந்தால் ஒரே வரி:

```
=PMT(9%/12,240,-1000000)
```

இதன் பிடியில் இரண்டு எல்லைக்கோடுகள். முதல் மாத வட்டி 10 லட்சத்தில் 0.75 சதவீதம், 7,500 ரூபாய். தவணை இதைவிடக் குறைவாக இருக்க முடியாது, இருந்தால் கடன் தீரவே தீராது. மேல் எல்லைக்கு, அசலை 240-ஆல் வகுத்து வரும் 4,167-ஐ அந்த 7,500 உடன் கூட்டுங்கள், 11,667. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கடனில் தவணை இதற்குக் கீழேதான் வரும். 8,997 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே கணக்கு நம்பத் தகுந்தது.

தவணை 8,997, அதில் முதல் மாத வட்டியே 7,500 என்றால் அசலில் கழிவது 1,497 ரூபாய்தான். ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம் போயிருக்கும், நிலுவை இன்னும் 8 லட்சத்து 87 ஆயிரம் இருக்கும். வங்கி ஏமாற்றிவிட்டதாகப் பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். ஏமாற்று எதுவும் இல்லை, நிலுவை பெரிதாக இருக்கும்வரை வட்டியும் பெரிதாகத்தான் இருக்கும்.

தவணையில் பாதி அசலுக்குப் போகத் தொடங்குவது எப்போது? இதற்கு 72 உதவுவது எனக்கு எப்போதும் வியப்பு. 72-ஐ 9-ஆல் வகுத்தால் 8. கடன் முடிய ஏறக்குறைய 8 ஆண்டு மிச்சம் இருக்கும்போதுதான் அந்தத் திருப்பம் வரும். சரியாகக் கணக்கிட்டால் 20 ஆண்டுக் கடனில் 12 ஆண்டும் 3 மாதமும் கழிந்த பிறகு. கடன் 15 ஆண்டானாலும் 30 ஆண்டானாலும் 9 சதவீதத்துக்கு இதே கடைசி எட்டு ஆண்டுதான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, கடனை முன்கூட்டி அடைக்கலாமா என்று யோசிப்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும். ஆரம்ப ஆண்டுகளில் கட்டும் கூடுதல் ரூபாய் நீண்ட காலத்து வட்டியை மிச்சப்படுத்தும், கடைசி எட்டு ஆண்டில் கட்டுவதற்கு அந்த அளவு பலன் இல்லை.

கீழ் எல்லைக்கும் நிஜ வாழ்க்கையில் வேலை உண்டு. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை உயர்த்தியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியிருந்த பலருக்குத் தவணை அப்படியே இருந்தது, கடன் காலம் மட்டும் நீண்டது. அந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒரு பெருக்கல்தான்: நிலுவையை மாத வட்டியால் பெருக்கி, தவணையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் நெருங்கி வந்துவிட்டால் தவணையைக் கூட்டச் சொல்லி வங்கிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நான்காவது அட்டை

முன்பக்கம்: "பத்து பர்சென்ட் பிளாட்" என்றால் உண்மையில் எவ்வளவு?
பின்பக்கம்: உண்மை வட்டி ≈ பிளாட் வட்டி × 1.8
ஒரு வரி: 10 சதவீத பிளாட், 3 ஆண்டு, உண்மையில் ஏறக்குறைய 18 சதவீதம்.

ஆறில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் எடுப்பது இதைத்தான். பைக் ஷோரூமுக்கே போவோம். கடன் ஒரு லட்சம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் போடும் கணக்கு எளிமையானது: "வருஷத்துக்குப் பத்தாயிரம் வட்டி சார், மூணு வருஷத்துக்கு முப்பதாயிரம். ஒரு லட்சத்து முப்பதை முப்பத்தாறால வகுத்தா மாசம் 3,611." சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு லட்சம் நம் கையில் மூன்று ஆண்டும் முழுசாக இருந்ததா? முதல் மாதமே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். கடைசித் தவணைக்கு முன் நம்மிடம் மிச்சம் இருப்பது சில ஆயிரம்தான். சராசரியாகப் பார்த்தால் பாதிக் கடன்தான் நம்மிடம் இருந்தது, வட்டியை மட்டும் முழுக் கடனுக்கும் மூன்று ஆண்டும் கட்டினோம். ஆகவே உண்மை வட்டி இரட்டிப்புக்குக் கொஞ்சம் குறைவாக வரும். "பாதிதான் கையில், வட்டி முழுசுக்கு" என்பதுதான் பிடி. விரிதாளில் சரிபார்க்க:

```
=RATE(36,-3611,100000)*12
```

17.9 சதவீதம் என்று காட்டும். ஓராண்டுக் கடனுக்கும் மூன்றாண்டுக் கடனுக்கும் 1.8 நன்றாகப் பொருந்தும். ஐந்தாண்டுக் கடனில் 1.7-ஐ ஒட்டி இறங்கும்.

கதை இன்னும் முடியவில்லை. பிராசஸிங் கட்டணம் என்று 2,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வந்தது 98,000 தான், தவணை மட்டும் அதே 3,611. மேலே உள்ள வரியில் 100000-ஐ 98000 ஆக மாற்றினால் 19.4 சதவீதம் வரும். பத்தில் தொடங்கிய பேச்சு இருபதை எட்டிப் பார்க்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த இந்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளில் APR என்று இருக்கும். வாயால் சொல்லும் வட்டியை விட்டுவிட்டு அந்த ஒரு எண்ணைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

தாள் எதுவும் தராத இடங்களுக்கும் இந்த அட்டை பொருந்தும். சந்தைக் கடைக்காரர்கள் வாங்கும் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் கடன், ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில், தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். "நூத்துக்குப் பத்துதான்" என்று தோன்றும். கையில் வந்த ஒன்பதாயிரத்திலும் சராசரியாகப் பாதிதான், அதாவது 4,500, நூறு நாளும் இருந்தது. அதற்கு வட்டி ஆயிரம், நூறு நாளுக்கே 22 சதவீதம். ஆண்டுக் கணக்காக மாற்றினால் 80 சதவீதத்தைத் தொடும். நுணுக்கமாகப் போட்டால் 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. பொதுவாக ஊரில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். தண்டலுக்கு மட்டும் அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதை யாரும் "ஆறரை வட்டி" என்று சொல்லி விற்பதில்லை.

ஐந்தாவது அட்டை

முன்பக்கம்: விலைவாசி போக என்ன மிஞ்சும்?
பின்பக்கம்: (1 + வருமானம்) ÷ (1 + விலையேற்றம்) − 1
ஒரு வரி: வரி போக 5.6 சதவீதம், விலையேற்றம் 6. மிஞ்சுவது மைனஸ் 0.4.

அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷரின் பெயரால் வழங்கும் சமன்பாடு இது. அவசரத்துக்குக் கழித்தாலே போதும், 5.6-இல் 6 போனால் மைனஸ் 0.4. வகுத்தாலும் இந்த அளவு எண்களுக்குப் பெரிய வித்தியாசம் வராது. கழிப்பதற்கு முன் வரியை எடுப்பதுதான் மறந்துபோகும். 7 சதவீத வைப்புத் தொகையில், 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு மேல்வரி சேர்க்காமலே 5.6 தான் மிஞ்சும். "முதலில் அரசு, பிறகு மளிகைக் கடை, மிச்சம் எனக்கு" என்று வரிசையை எழுதி வைத்தால் போதும்.

ஆறாவது அட்டை

முன்பக்கம்: இத்தனை ஆண்டில் இத்தனை மடங்கு என்றால் ஆண்டுக்கு எவ்வளவு?
பின்பக்கம்: (கடைசி மதிப்பு ÷ முதல் மதிப்பு)^(1/n) − 1
ஒரு வரி: 5 லட்சத்துக்கு வாங்கிய மனை 15 ஆண்டில் 20 லட்சம், ஆண்டுக்கு 9.7 சதவீதம்.

மனை வாங்கியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து "நாலு மடங்கு ஆயிடுச்சு" என்று சொல்லும்போது கேட்பவருக்கு வயிறு எரியும். கால்குலேட்டர் இல்லாமலே அதை ஆண்டுக் கணக்காக மாற்றலாம். நாலு மடங்கு என்றால் இரண்டு முறை இரட்டிப்பு. 15 ஆண்டில் இரண்டு முறை என்றால் ஒரு இரட்டிப்புக்கு ஏழரை ஆண்டு. 72-ஐ ஏழரையால் வகுத்தால் 9.6. பத்திரச் செலவு, தரகு, வேலி போட்டது, ஆண்டுதோறும் கட்டிய வரி எல்லாம் இதற்குள்ளிருந்துதான் போக வேண்டும். மோசமான முதலீடு என்று சொல்ல வரவில்லை, வயிறு எரிய அவசியம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

சராசரியை இந்த விகிதமாக எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். பங்கு ஒன்று முதல் ஆண்டு 50 சதவீதம் ஏறி, அடுத்த ஆண்டு 50 சதவீதம் இறங்கினால் சராசரி பூஜ்யம். ஆனால் போட்ட ஒரு லட்சம் ஒன்றரை லட்சமாகி, பிறகு 75,000 ஆகியிருக்கும். ஆகவே ஆண்டு வாரியான சதவீதங்களைக் கூட்டி வகுத்துச் சொல்லும் விளம்பரங்களில் முதல் மதிப்பையும் கடைசி மதிப்பையும் மட்டும் தேடிப் பாருங்கள்.

அட்டைகளை மனத்தில் நிறுத்த, ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை நாலைந்து தடுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம். புது அட்டை முதல் தடுப்பில் இருக்கும், அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்கு நகரும், அங்கே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதற்கு அடுத்த தடுப்பு வாரத்துக்கு ஒரு முறை. எங்கே தப்பினாலும் அட்டை மறுபடி முதல் தடுப்புக்கு வந்துவிடும். ஒரு வரிக் கணக்கில் என் எண்களை அழித்துவிட்டு உங்கள் கடன், உங்கள் வைப்புத் தொகை எண்களை எழுதுங்கள். அடுத்தவர் கடனின் தவணை யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இந்த ஆறும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு: பணம் ஒரே நாளில் போய், ஒரே நாளில் வராத இடம். காப்பீட்டுப் பாலிசி அப்படி. ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 வீதம் 20 ஆண்டு கட்டி, 20-ஆம் ஆண்டு முடிவில் 18 லட்சம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பத்து லட்சம் கட்டினீங்க, பதினெட்டு லட்சம்" என்பார் முகவர். ஆறாவது அட்டையில் இந்த இரண்டு எண்ணையும் 20 ஆண்டையும் போட்டால் 3 சதவீதம் வரும், அது பாலிசிக்கு அநியாயம், ஏனென்றால் கடைசித் தவணை ஓராண்டுதான் உள்ளே இருந்தது. நான்காவது அட்டையின் பாதிக் கணக்கு இங்கேயும் உதவும்: ஒரு ரூபாய் சராசரியாகப் பத்தரை ஆண்டுதான் உள்ளே இருந்திருக்கிறது. பத்தரை ஆண்டில் 1.8 மடங்கு, இரட்டிப்புக்கு 12 ஆண்டுக்கு மேல், ஆகவே 6 சதவீதத்துக்குக் கீழே. துல்லியத்துக்கு விரிதாளிடம் போக வேண்டியதுதான்:

```
=RATE(20,-50000,0,1800000,1)
```

5.3 சதவீதம் என்று வரும். தேதிகளும் தொகைகளும் ஒழுங்கில்லாமல் இருந்தால், சீட்டு மாதிரி, `XIRR` தான் வழி. அதற்குத் தேதியும் தொகையும் இரண்டு பத்தியாக எழுத வேண்டும், போட்டதெல்லாம் மைனஸ், வந்ததெல்லாம் பிளஸ். அதில் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை, சீட்டுக் கட்டிய ரசீதுகளைத் தொலைக்காமல் வைத்திருந்தால் சரி.